‘நாங்க’ இல்லை, ‘நாம’! தமிழ் கற்கும் துணைக்கு ஒரு கல்யாண நாள் செய்தி

கணவர் மதுரைக்காரர். மனைவி கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த வங்காளிப் பெண். இருவருக்கும் வேலை பெங்களூரில். வீட்டில் பேசுவது ஆங்கிலம். கல்யாணத்துக்குப் பிறகு மனைவி தமிழ் கற்கத் தொடங்கினார். மாமியாரோடு ஆங்கிலம் பேச முடியாது, மாமியாருக்கு இந்தியும் வராது. தமிழ் ஒன்றுதான் வழி. இன்று பல வீடுகளில் இப்படி ஒரு ஜோடியைப் பார்க்கலாம்.

முதல் கல்யாண நாள் வந்தது. மனைவி தமிழ் கற்கிறாரே, இந்த முறை வாழ்த்தைத் தமிழிலேயே அனுப்புவோம் என்று கணவருக்கு ஆசை. பள்ளியில் கட்டுரைப் போட்டிக்கு எழுதிய அனுபவத்தில் ஒரு செய்தியைத் தட்டினார்:

‘இல்லறப் பாதையில் என் கரம் பற்றி உடன் நடந்த இனியவளே! உனக்கு என் இதயம் கனிந்த மணநாள் நல்வாழ்த்துகள். இன்று போல் என்றும் நம் அன்பு தழைக்கட்டும்!’

கீழே ஆங்கிலத்தில் ‘ஹேப்பி ஆனிவர்சரி, மை லவ்’ என்று சேர்த்து அனுப்பிவிட்டார்.

மனைவிக்குத் தமிழ் எழுத்துகள் தெரியும். கூட்டிக் கூட்டிப் படித்துப் பார்த்தார். ‘என்’, ‘உனக்கு’ என்ற இரண்டு சொற்கள்தான் புரிந்தன. ‘இன்னைக்கு’ அவருக்குத் தெரியும், ‘இன்று’ தெரியாது. ‘கை’ தெரியும், ‘கரம்’ தெரியாது. கடைசியில் ஆபீஸில் பக்கத்து இருக்கையில் இருந்த தமிழ்ப் பெண்ணிடம் போனை நீட்டினார். அவர் வாய்விட்டுப் படித்து, சிரித்து, அர்த்தம் சொன்னார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்த மனைவி, கணவரிடம் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். “இதை எனக்கு எழுதினாயா, உன் தமிழ் வாத்தியாருக்கு எழுதினாயா?”

கேலியாகத்தான் கேட்டார். ஆனால், தனக்கு வந்த அன்பான வரிகளை இன்னொருவர் வாய் வழியாகக் கேட்க வேண்டியிருந்ததே என்ற சங்கடம் அதில் இருந்தது. ஒரு வருஷமாகப் படித்த தமிழ், தன் கல்யாண நாளுக்கே உதவவில்லையே என்ற ஏமாற்றமும் இருந்தது.

ஒரு வருஷம் கழித்து, இரண்டாவது கல்யாண நாளில், அதே கணவர் நாலே வரியில் ஒரு செய்தி அனுப்பினார். அதில் பதினேழு சொற்கள். மனைவி யாரையும் கேட்கவில்லை. தானே படித்தார், தமிழிலேயே பதிலும் எழுதினார். இரண்டு செய்திகளுக்கும் நடுவில் கணவர் கற்றுக்கொண்டது என்ன என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பட்டுப்புடவையோடு வாசலில்

அதற்கு முன் நடுவில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு இருவரும் மதுரைக்குப் போயிருந்தார்கள். இரவு ரயிலில் வந்த களைப்பு. காலையில் மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “நீ படுத்துக்கம்மா. நாங்க மீனாட்சி கோயிலுக்குப் போயிட்டு வந்துர்றோம்” என்றார்.

வேகமாகச் சொன்னதில் மருமகளின் காதில் ‘கோயிலுக்கு’ மட்டும்தான் விழுந்தது. குளிக்கப் போய்க்கொண்டிருந்த கணவரைக் கேட்டார். அவர் துண்டைத் தோளில் போட்டபடியே, “வீ ஆர் கோயிங் டு தி டெம்பிள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

‘வீ’ என்றால் ‘நாம்’தானே? மருமகள் அவசரமாகப் பட்டுப்புடவையை எடுத்தார். இருபது நிமிஷம் மடிப்போடு போராடி, பொட்டு வைத்து, வாசலுக்கு வந்தால் அங்கே யாரும் இல்லை. மாமனாரும் மாமியாரும் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். திரும்பி வந்த மாமியார், கையில் பிரசாதத்தோடும் மல்லிகைப் பூவோடும் நின்று, “எங்கம்மா கிளம்பிட்டே?” என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

யார் மேலும் தப்பில்லை. மருமகள் களைத்திருக்கிறாளே, தூங்கட்டும் என்றுதான் மாமியார் விட்டுவிட்டுப் போனார். ஆனால், மருமகளின் மனதில் ‘என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்’ என்பதுதான் பதிந்தது. அன்று முழுவதும் அவர் அதிகம் பேசவில்லை.

இரவில் விஷயம் தெரிந்தபோதுதான் கணவருக்கு உறைத்தது. அம்மா சொன்னது ‘நாங்க’. தான் மொழிபெயர்த்தது ‘வீ’. அந்த ஒரு சொல்லில்தான் குழப்பமே.

தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரையும் சேர்த்துச் சொல்வது. ‘நாங்கள்’ என்றால் கேட்பவரை விட்டுவிட்டுச் சொல்வது. பேச்சில் இவை ‘நாம’, ‘நாங்க’ ஆகின்றன. ‘நமக்கு’, ‘எங்களுக்கு’ என்பதிலும் அதே வித்தியாசம். இதை நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. மூன்று வயதுக் குழந்தைகூடச் சரியாகப் பேசிவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வீ’தான். இந்தியில் ‘ஹம்’, வங்காளியில் ‘ஆமரா’. இரண்டிலும் இந்தப் பிரிவு கிடையாது. ஆகவே, கொல்கத்தாப் பெண்ணுக்கு அவருடைய தாய்மொழியும் உதவவில்லை, நடுவில் நின்ற ஆங்கிலமும் உதவவில்லை.

கணவர் அன்று இரவு அதை விளக்கினார். “அம்மா ‘நாம போறோம்’னு சொல்லியிருந்தா, அதுல நீயும் உண்டு. ‘நாங்க’ன்னு சொன்னா, நீ வீட்ல இருன்னு அர்த்தம்.”

மனைவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார். “அப்படியென்றால், ஒரே ஒரு சொல்லை வைத்து, நான் உள்ளே இருக்கிறேனா வெளியே இருக்கிறேனா என்று தெரிந்துகொள்ளலாமா?”

தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது கல்யாண நாள் செய்தி எந்தச் சொல்லில் தொடங்க வேண்டும் என்று கணவர் அப்போதே முடிவு செய்துவிட்டார்.

அந்த நாலு வரி

நமக்கு கல்யாணம் ஆகி இன்னைக்கு ரெண்டு வருஷம்.
எனக்கு உன்ன ரொம்ப பிடிக்கும்.
உன் தமிழும் பிடிக்கும்.
ராத்திரி நாம வெளிய சாப்பிடலாமா?

இவ்வளவுதான். படிக்கும்போது ‘இதில் என்ன இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எழுதலாமே’ என்று தோன்றும். ஆனால், இந்த நாலு வரிக்கு முன்னால் கணவர் எழுதி அழித்த வரிகள் நிறைய.

முதலில் அவர் எழுதியது, ‘நீ என் வாழ்க்கையில வந்ததுக்கு அப்புறம் எல்லாமே மாறிடுச்சு’ என்று. பேச்சுத் தமிழ்தான், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், கற்றுக்கொள்பவருக்கு இது இரண்டு இடத்தில் இடிக்கும். ‘வந்ததுக்கு அப்புறம்’ என்பது ஒரு முழு வாக்கியத்தை மடித்து ஒரு சொல்லுக்குள் வைத்தது போல. அதைப் பிரிக்கத் தெரிய வேண்டும். ‘மாறிடுச்சு’ என்பதை எந்த அகராதியிலும் தேட முடியாது. அதன் எழுத்து வடிவம் ‘மாறிவிட்டது’. ‘மாறு’ என்ற வேரைக் கண்டுபிடித்து, ‘விட்டது’ என்பதுதான் ‘இடுச்சு’ என்று சுருங்கியிருக்கிறது என்பதையும் ஊகித்தால்தான் அர்த்தம் கிடைக்கும். புதிதாகப் படிப்பவரிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

அதனால் அவர் வினைச்சொற்களை மாற்றினார். ‘பிடிக்கும்’ என்பதை எழுதுவதும் அப்படித்தான், பேசுவதும் அப்படித்தான். ‘சாப்பிடலாமா’ என்பதும் அப்படியே. பேச்சிலும் எழுத்திலும் ஒரே மாதிரி நிற்கும் வினைச்சொல் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. வாக்கியத்தின் முதுகெலும்பு அதுதான்.

அடுத்து, மனைவிக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள் எவை என்று பார்த்தார். ‘எனக்கு சாம்பார் பிடிக்கும்’ என்று அவர் மாமியாரிடம் பல முறை சொல்லியிருக்கிறார். ஆகவே ‘எனக்கு’, ‘பிடிக்கும்’ இரண்டும் பழகியவை. ‘ரொம்ப’ தெரியும். ‘சாப்பிடு’ இல்லாமல் தமிழ் வீட்டில் ஒரு நாள்கூட ஓடாது. ‘ஆண்டு’ என்று எழுதாமல் ‘வருஷம்’ என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. வங்காளிகள் புத்தாண்டுக்கு ‘சுபோ நொபோபோர்ஷோ’ என்று வாழ்த்துவார்கள். அந்த ‘போர்ஷோ’வுக்கும் நம் ‘வருஷ’த்துக்கும் மூலம் ஒன்றுதான். ‘ராத்திரி’யும் அப்படித்தான், வங்காளியிலும் ‘ராத்ரி’ உண்டு.

மொத்தம் பதினேழு சொற்களில் அவருக்குப் புதியவை மூன்று. ‘நமக்கு’, ‘ஆகி’, ‘வெளிய’. ‘நாம’வைப் பொங்கலன்று இரவே கற்றுக்கொண்டுவிட்டார். இந்த அளவு சரி. புதிய சொல் ஐந்தாறைத் தாண்டினால் வாழ்த்துச் செய்தி பாடப்புத்தகம் ஆகிவிடும்.

வாழ்த்து எங்கே போச்சு?

செய்தியில் ‘வாழ்த்துகள்’ என்ற சொல்லே இல்லையே என்று கேட்கலாம். அதைக் கணவர் வேண்டுமென்றேதான் விட்டார்.

அந்த ஒரு சொல்லில் ‘ழ்’ இருக்கிறது. அதை ஒட்டி ‘த்’ வருகிறது. கடைசியில் ‘ள்’ வருகிறது. வங்காளியில் ‘ழ’ கிடையாது. ‘ல’, ‘ள’ என்ற வித்தியாசமும் கிடையாது. ‘வ’கூட அவர்கள் வாயில் ‘ப’ பக்கம் சாய்ந்துவிடும். வாய்விட்டுப் படிக்கும்போது முதல் சொல்லிலேயே தடுக்கி விழுந்தால் மீதி வரிகளைப் படிக்கும் உற்சாகம் போய்விடும். இன்னொன்று, வீட்டுக்குள் கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ‘நல்வாழ்த்துகள்’ சொல்லிக்கொள்வது அபூர்வம். அது அட்டையிலும் மேடையிலும் வாழும் சொல்.

சிலர் ‘வாழ்த்து இல்லாமல் எப்படி’ என்று நினைப்பார்கள். அவர்கள் அதை மட்டும் ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளலாம். ‘ஹேப்பி ஆனிவர்சரி’ என்று தொடங்கி, பிறகு தமிழ் வரிகளைச் சேர்க்கலாம். தமிழ் வீடுகளிலேயே பலரும் அப்படித்தானே சொல்கிறார்கள்!

ஆங்கில விளக்கம்: இரண்டு வரியாக எழுத வேண்டும்

முதல் வருஷச் செய்தியில் ‘ஹேப்பி ஆனிவர்சரி, மை லவ்’ என்று கீழே எழுதியிருந்தாரே, அதற்கும் மேலே இருந்த தமிழுக்கும் சம்பந்தமே இல்லை. படிப்பவருக்கு எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று தெரியாது. தமிழ் வரியை விட்டுவிட்டு ஆங்கில வரியை மட்டும் படித்துவிட்டுப் போவார்.

இந்த முறை கணவர் ஒவ்வொரு தமிழ் வரிக்கும் கீழே இரண்டு வரி எழுதினார். ஒன்று, சொல்லுக்குச் சொல் விளக்கம், தமிழின் வரிசையிலேயே. இன்னொன்று, சாதாரண ஆங்கிலத்தில் முழு அர்த்தம். அவர் எழுதிய ஆங்கிலத்தை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறோம்.

நமக்கு – கல்யாணம் – ஆகி – இன்னைக்கு – ரெண்டு – வருஷம்
சொல்: டு யூ அண்ட் மீ – வெட்டிங் – ஹேவிங் ஹேப்பன்ட் – டுடே – டூ – இயர்ஸ்
அர்த்தம்: யூ அண்ட் ஐ ஹேவ் பீன் மேரீட் டூ இயர்ஸ் டுடே.

எனக்கு – உன்ன – ரொம்ப – பிடிக்கும்
சொல்: டு மீ – யூ – வெரி மச் – லைக்
அர்த்தம்: ஐ லவ் யூ வெரி மச்.

உன் – தமிழும் – பிடிக்கும்
சொல்: யுவர் – தமிழ் ஆல்சோ – லைக்
அர்த்தம்: ஐ லவ் யுவர் தமிழ் டூ.

ராத்திரி – நாம – வெளிய – சாப்பிடலாமா
சொல்: நைட் – யூ அண்ட் ஐ – அவுட்சைட் – ஷல் ஈட்?
அர்த்தம்: ஷல் யூ அண்ட் ஐ ஈட் அவுட் டுநைட்?

இதில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஒன்று. ‘நமக்கு’, ‘நாம’ வரும் இடத்தில் ‘அஸ்’ என்றோ ‘வீ’ என்றோ அவர் எழுதவில்லை. ‘யூ அண்ட் மீ’, ‘யூ அண்ட் ஐ’ என்று எழுதினார். பொங்கலன்று ‘வீ’ செய்த வேலையை மறுபடி செய்யவிடவில்லை. ஆங்கிலம் கொஞ்சம் வளைந்துதான் நிற்கிறது. பரவாயில்லை, சொல் தெளிவாக இருக்கிறது. ‘நாங்க’ வரும் இடத்தில் இதே முறையில் ‘வீ, நாட் யூ’ என்று எழுதினால் போதும்.

சொல்லுக்குச் சொல் வரி இன்னொரு உதவியும் செய்தது. அதைப் பார்த்ததும் மனைவிக்கு ஒன்று புலப்பட்டது. வங்காளியில் இதே வாக்கியம் ‘ஆமார் தோமாகே பாலோ லாகே’. ‘தோமாகே’ என்றால் ‘உன்ன’. ‘பாலோ லாகே’ என்றால் ‘பிடிக்கும்’. முதலில் ‘எனக்கு’ என்பதற்குப் பதில் அங்கே ‘என்’ வருகிறது, அவ்வளவுதான். இரண்டு மொழியிலும் வினை கடைசியில் வருகிறது. இரண்டிலும் பிடித்துப்போனவர் ‘நான்’ என்று வந்து நிற்பதில்லை. ‘ஐ லவ் யூ’ என்ற ஆங்கில வரியை மட்டும் கொடுத்திருந்தால் இந்த ஒற்றுமை கண்ணில் பட்டிருக்காது. ‘நான் பிடிக்கும் உன்னை’ என்று அவர் ஆங்கில வரிசையில் சொல்லிப் பழகியிருப்பார்.

‘பிடிக்கும்’ போதுமா?

மேலே சொல் வரியில் ‘லைக்’ என்றும், அர்த்த வரியில் ‘லவ்’ என்றும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். இது தவறு அல்ல, தேவை.

ஆங்கிலத்தில் கல்யாண நாளன்று மனைவியிடம் ‘ஐ லைக் யூ’ என்று சொன்னால் சண்டைதான். வங்காளியிலும் ‘பாலோ லாகே’ கொஞ்சம் லேசான சொல். காதலுக்கு அங்கே ‘பாலோபாஷி’ என்று தனிச் சொல் இருக்கிறது, அதை வீட்டில் இயல்பாகச் சொல்வார்கள். தமிழில் ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்பது சினிமாவிலும் கவிதையிலும் வரும். சமையலறையில் நின்றுகொண்டு யாரும் அப்படிச் சொல்வதில்லை. இளைஞர்கள் ‘லவ் யூ’ என்று ஆங்கிலத்துக்கே போய்விடுகிறார்கள். தமிழில் சொல்ல வேண்டுமானால் பெரும்பாலும் ‘உன்ன ரொம்ப பிடிக்கும்’தான். அந்த ‘ரொம்ப’வில்தான் எல்லாம் இருக்கிறது.

கற்றுக்கொள்பவருக்கு இது தெரியாது. அகராதியில் ‘பிடிக்கும்’ என்பதற்கு ‘லைக்’ என்றுதான் இருக்கும். ‘சாம்பார் எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவுதான் என்னையும் பிடிக்குமா?’ என்று நினைத்துவிடக் கூடும். அதனால்தான் அர்த்த வரியில் ‘லவ்’ என்று எழுத வேண்டும். சொல் வரி சொல்லைக் காட்டட்டும், அர்த்த வரி மனசைக் காட்டட்டும்.

எழுத்தில் எப்படி எழுதுவது?

பேச்சுத் தமிழை எழுதும்போது ஒரு சிக்கல் வரும். ‘உன்ன’ என்ற வடிவத்தை மனைவியின் பாடப்புத்தகத்தில் தேடினால் கிடைக்காது, ‘உன்னை’ என்றுதான் இருக்கும். அதனால் கணவர் செய்தியின் கடைசியில் ஒரு சிறு பட்டியல் சேர்த்தார். இன்னைக்கு என்றால் இன்றைக்கு. ரெண்டு என்றால் இரண்டு. உன்ன என்றால் உன்னை. நாம என்றால் நாம். வெளிய என்றால் வெளியே. மாறிய சொற்கள் ஐந்துதான். வீட்டில் கேட்பது ஒரு பக்கம், புத்தகத்தில் பார்ப்பது ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்.

துணைக்குத் தமிழ் எழுத்தே தெரியாவிட்டால்? பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்புகிறார்கள். தமிழ் தெரிந்தவருக்கு அது போதும், தெரியாதவருக்குப் போதாது. ‘மனம்’, ‘மணம்’ இரண்டையும் ஆங்கில எழுத்தில் எழுதினால் ஒன்று போலவே இருக்கும். ஒன்று மனசு, மற்றொன்று கல்யாணம். ‘பல்’லும் ‘பால்’லும்கூட அப்படிக் குழம்பலாம். அதற்குப் பதில் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவது நல்லது. நாலு வரியையும் முதலில் வழக்கமான வேகத்தில் ஒரு முறை, பிறகு சொல் சொல்லாக நிறுத்தி ஒரு முறை. மெதுவாகச் சொல்லும்போது ‘உன்ன’ என்பதை ‘உன்னை’ என்று திருத்தி உச்சரிக்கக் கூடாது. பேசுவது எப்படியோ அப்படியே சொல்ல வேண்டும்.

நீயா, நீங்களா?

இந்தச் செய்தியில் கணவர் ‘நீ’ முறையில் எழுதியிருக்கிறார். அவர்கள் வீட்டு வழக்கம் அது. ஆனால், வங்காளியில் ‘துய்’, ‘துமி’, ‘ஆப்னி’ என்று மூன்று படி உண்டு. கணவன் மனைவிக்குள் பெரும்பாலும் நடுப் படியான ‘துமி’. தமிழில் இரண்டே படிதான். அதனால் ‘நீ’ என்றால் ‘துய்’யா, ‘துமி’யா என்று மனைவிக்குச் சந்தேகம் வந்தது. இரண்டும்தான் என்று கணவர் சொன்னார்.

மனைவி தமிழ்ப் பெண்ணாகவும் கணவர் தமிழ் கற்பவராகவும் இருந்தால் இந்த இடத்தில் கவனம் வேண்டும். மனைவி ‘நீ’ என்று எழுதினால், கணவர் அதையே பிடித்துக்கொண்டு மாமனாரிடம் போய் “நீ சாப்பிட்டியா?” என்று கேட்டுவிடக்கூடும். ‘எனக்கு உங்கள ரொம்ப பிடிக்கும்’, ‘உங்க தமிழும் பிடிக்கும்’ என்று எழுதினால் அந்தப் பயம் இல்லை. வீட்டில் ‘நீ’ என்றே பேசிப் பழகியவர்கள் அதை மாற்ற வேண்டியதில்லை. விளக்கத்தில் ‘யூ, ஒன்லி ஃபார் மீ’ என்று ஒரு குறிப்பு போட்டுவிடலாம்.

துணையின் தாய்மொழியைப் பொறுத்தும் விளக்கம் மாறும். தெலுங்குக்காரர் என்றால் ‘நாம’வுக்கு ‘மனம்’, ‘நாங்க’வுக்கு ‘மேமு’ என்று எழுதினால் உடனே புரிந்துவிடும். மராத்தியில் ‘ஆபண்’, ‘ஆம்ஹி’ என்ற இரண்டும், மலையாளத்தில் ‘நம்மள்’, ‘ஞங்ஙள்’ என்ற இரண்டும் இதே வேலையைச் செய்கின்றன. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் ஆங்கிலத்தை விட அவர்கள் மொழியே நல்ல விளக்கம்.

பதில் வந்தது

செய்தி ஏன் கேள்வியில் முடிகிறது என்பதற்கும் காரணம் உண்டு. தமிழில் ‘ஆமாம்’ என்று சொல்லாமலேயே ஆமாம் சொல்லலாம். ‘சாப்பிடலாமா?’ என்று கேட்டால் ‘சாப்பிடலாம்’ என்பதே பதில். கடைசியில் இருக்கும் ‘ஆ’வை எடுத்துவிட்டால் கேள்வியே பதிலாகிவிடும். புதிதாகப் படிப்பவர் ஒரு சொல்கூடத் தேட வேண்டியதில்லை.

அன்று காலை பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. ‘சாப்பிடலாம்.’ அடுத்து இன்னொரு வரி. ‘எனக்கு உன் சமையலும் பிடிக்கும்.’ ‘தமிழும்’ என்பதில் இருந்த ‘உம்’மைப் பிடித்து ‘சமையலும்’ ஆக்கியிருந்தார். செய்தி சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ள இதை விட நல்ல அடையாளம் கிடையாது. அர்த்தம் மட்டும் புரிந்திருந்தால் அவர் ஒரு இதயப் படத்தை அனுப்பியிருப்பார். வாக்கியமே கைக்கு வந்துவிட்டதால் அதில் ஒரு சொல்லை மாற்றி, தன்னுடைய வாக்கியமாக அனுப்பினார்.

மறுநாள் காலை மதுரையிலிருந்து மாமியார் போன் செய்தார். நேற்று இரவு கூப்பிட்டேன், எடுக்கவில்லையே என்று கேட்டார். மருமகள் கணவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நொடி யோசித்துவிட்டுச் சொன்னார்:

“நாங்க வெளிய சாப்பிட்டோம், அத்தை.”

மதுரையில் இருந்த அத்தை அந்தச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அதனால் ‘நாங்க’தான் சரி. பொங்கலன்று தன்னை வாசலில் நிற்கவைத்த அதே சொல்லை, மருமகள் இந்த முறை உள்ளே நின்றுகொண்டு சொன்னார்.

அந்தப் பக்கம் மாமியார் சிரிப்பது கேட்டது. “அடுத்த தடவை மதுரைக்கு வாங்க. நாம எல்லாரும் கோயிலுக்குப் போலாம்” என்றார்.

மருமகளுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. “போலாம் அத்தை” என்றார்.